எதிர் வீட்டு அக்காவைக் காபிக்கு அழைக்கும் மெசேஜ்: ஒரு வரியில் மட்டும் உதவி வேண்டும்

கோத்தகிரியில் எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அக்காவுக்கு அனுப்ப எழுதியது இது:

“அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு எங்க வீட்ல ஃபில்டர் காபி போடுறோம். ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போறீங்களா? நாங்க ரெண்டு பேர்தான். வேலை இருந்தா இன்னொரு நாள் பார்த்துக்கலாம், சனிக்கிழமை காலையில சொன்னாக்கூட போதும்.”

“எப்ப ஃப்ரீ?” என்று கேட்டால் நாள் பார்க்கும் வேலை அவர் தலையில் விழும். அதனால் நாளும் நேரமும் நானே சொல்லிவிட்டேன். 4 மணி என்றால் இருட்டி, பனி இறங்கி, காட்டெருமை ரோட்டுக்கு வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அரை மணி நேரம் என்றதும் ராத்திரி சமையலைப் பற்றிய கவலையும் இல்லை. வர்க்கி வாங்குவதை வேண்டுமென்றே எழுதவில்லை. “உங்களுக்காக வாங்கி வச்சிருக்கேன்” என்றால் மறுக்க வாய் வராது. “கண்டிப்பா வரணும்” என்பதும் அப்படித்தான், பாசமாகத் தெரிந்தாலும் கதவைச் சாத்திவிடும்.

சிக்கல் கடைசி வரியில். முதலில் “வராட்டியும் பரவாயில்ல” என்று எழுதியிருந்தேன். நம் ஊர்க் காதுக்கு அது ‘வந்தால் என்ன, வராவிட்டால் என்ன’ என்று கேட்கும். “இன்னொரு நாள்” என்றால் இந்த முறை தப்பித்தாலும் அடுத்த முறை வந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடுமோ? இரண்டும் இல்லாமல், மனசு நோகாமல் மறுக்க இடம் விடும் வரி ஏதாவது சொல்லுங்களேன்.