மன்னார்குடி மனைக்கு வேலி: படத்தில் எந்த எண்ணைக் கூட்டுவது

சனிக்கிழமை

பெரியப்பா 6:41
எல்லோருக்கும் காலை வணக்கம். மன்னார்குடி மனைக்கு வேலி போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வேலி போடுகிறவர் நேற்று வந்தார். நான் காட்டிய நில அளவைப் படத்தைப் பார்த்துவிட்டு 617 அடி வரும், அடிக்கு 120 ரூபாய், மொத்தம் 74,040 என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தூண், முள்கம்பி, கூலி எல்லாம் சேர்த்துத்தானாம், கேட் மட்டும் தனி. படத்தை அனுப்புகிறேன், யாராவது கணக்கைச் சரிபாருங்கள்.

பெரியப்பா 6:42
(படம்)

தஞ்சாவூர் சித்தப்பா 7:05
அண்ணே, பட்டாவில் எவ்வளவு இருக்கிறது?

பெரியப்பா 7:09
0-11-50. ஏறக்குறைய 28 சென்ட்.

தஞ்சாவூர் சித்தப்பா 7:20
அப்படியென்றால் படமே வேண்டாம். பதினொன்றரை ஏர் என்றால் 1150 சதுர மீட்டர். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் ஒரு பக்கம் 33.9 மீட்டர். நாலு பக்கத்துக்கு 135.6 மீட்டர், அதாவது 445 அடி. 617 எல்லாம் வரவே வராது. அந்த ஆளை மாற்றுங்கள்.

கும்பகோணம் அத்தை 7:31
எங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு அண்ணா. குடமுருட்டிக் கரையில் இருக்கிற எங்கள் இடமும் கிட்டத்தட்ட 28 சென்ட்தான், ஆனால் வேலிக்கு 700 அடிக்கு மேல் வந்தது. அதனால் 617 என்பது குறைச்சல்தான், கொடுத்துவிடுங்கள்.

செந்தில் 7:48
அப்பா, நான் படத்தைப் பெரிதாக்கி, திரையிலேயே ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். வடக்குப் பக்கம்தான் ரொம்ப நீளம், தெற்கை விட ஒரு பங்கு கூடவே தெரிகிறது. மேற்கில் எழுதியிருப்பது 21.4 மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 132 மீட்டர், 433 அடி.

கவிதா 8:02
ஒரே இடத்துக்கு 617, 445, 433 என்று மூன்று கணக்கு வந்துவிட்டது. சர்வே மாமா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்களேன்.

சர்வே மாமா 8:40
இப்போதுதான் பார்த்தேன். அத்தான், முதலில் அந்தப் படத்தை மேசைமேல் தட்டையாக விரித்து, போனை நேர் மேலே பிடித்து இன்னொரு முறை எடுங்கள். எடுத்ததைப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் சுருக்கிவிடும், மங்கலான எண்ணெல்லாம் வேறு எண்ணாகத் தெரியும். செந்தில், நீ ஸ்கேல் வைத்தது வீண் வேலை. அப்பா வடக்குப் பக்கம் நின்று சாய்வாக எடுத்திருக்கிறார், அதனால் கிட்டே இருக்கிற வடக்குக் கோடு நீண்டு தெரிகிறது. படத்தில் எழுதியிருக்கிற எண்தான் அளவு, கோட்டின் நீளத்தைப் பார்க்கவே கூடாது.

பெரியப்பா 9:15
(ஆவணம்) பேத்திதான் எடுத்துக் கொடுத்தாள்.

சர்வே மாமா 9:32
இது தெளிவு. தெற்கு 41.2, அது வாய்க்கால் பக்கம். கிழக்கு 30.6, வடக்கு 38.8. மேற்கு சாலைப் பக்கம் 27.4, அது 21 இல்லை, மடிப்பு விழுந்ததில் ஏழின் மேல்கோடு அழிந்திருக்கிறது. அப்புறம் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குப் புள்ளிக்கோடு போட்டு 50.0 என்று எழுதியிருக்கிறது பாருங்கள், 617 அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது.

செந்தில் 9:34
எப்படி மாமா?

சர்வே மாமா 9:44
நாலு பக்கத்தையும் கூட்டு, 138 மீட்டர். புள்ளிக்கோட்டின் 50-ஐயும் சேர்த்தால் 188. அதை அடியாக்கினால் 617. வேலிக்காரர் படத்தில் கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் கூட்டியிருக்கிறார். அந்தப் புள்ளிக்கோடு எல்லை கிடையாது. நாங்கள் ஜி லைன் என்போம், நிலத்தை அளக்கும்போது மூலைக்கு மூலை சங்கிலி பிடித்த கோடு. நிலத்துக்கு உள்ளே போகிறது. அதன்மேல் யார் வேலி போடுவார்கள்? வெளிக்கோடு மட்டும்தான் வேலி. ஒரு மூலையில் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டே போய் அதே மூலைக்கு வந்து சேருங்கள். விரல் போகாத கோட்டின் எண் கணக்கில் வராது.

தஞ்சாவூர் சித்தப்பா 9:52
அப்போ என் 445 சரியாகத்தானே வந்தது?

சர்வே மாமா 10:10
கிட்டத்தட்ட வந்தது, ஏனென்றால் இந்த மனை ஏறக்குறைய சதுரம். அதே பரப்புக்கு நாலு பக்க மனையில் சுற்றளவு மிகக் குறைவாக வருவது சதுரத்துக்குத்தான், அதனால் உங்கள் கணக்கை இதற்குக் கீழே போகாது என்கிற அளவில் வைத்துக்கொள்ளலாம். செந்தில் சொன்ன 433 அதற்கும் கீழே போய்விட்டதால் அது தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அத்தையின் இடத்தை நினைத்துப் பாருங்கள், ஆற்றோரத் துண்டு. 12 மீட்டர் அகலம், 96 மீட்டர் நீளம் என்று வைத்தால் பரப்பு 1152, இதே 28 சென்ட்தான், ஆனால் சுற்றளவு 216 மீட்டர், 709 அடி. அவர்கள் சொன்னது அவர்கள் இடத்துக்கு உண்மை, இதற்குப் பொருந்தாது.

கும்பகோணம் அத்தை 10:14
ஆமாம், ஒல்லியாக நீண்டு போகிற இடம்தான். இப்போதுதான் புரிகிறது.

கவிதா 10:22
மாமா, அது 27 தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? எனக்கு இந்தப் படத்திலும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

சர்வே மாமா 10:50
நல்ல கேள்வி. வேலிக்கு வேண்டாத அந்த 50.0 இதற்குத்தான் உதவும். குறுக்குக் கோடு மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது, மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்துக்குப் பரப்பு கண்டுபிடிக்கலாம். வடமேற்கு முக்கோணத்தை எடுத்துக்கொள். 50, 38.8, 27.4 மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 58.1. அதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழித்தால் 8.1, 19.3, 30.7. இந்த நாலு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடு, 528 சதுர மீட்டர் வரும். தென்கிழக்கு முக்கோணத்துக்கும் இப்படியே செய்தால் 629. ஆக 1157. பட்டாவில் 1150. பொருந்துகிறது.

கவிதா 11:08
21.4 போட்டுப் பார்த்தேன். அந்த முக்கோணம் 393-க்கு இறங்கிவிடுகிறது, மொத்தம் 1022. மூன்று சென்ட் குறைகிறது. அப்போ 27.4 தான்.

சர்வே மாமா 11:11
அவ்வளவுதான். எண் மங்கலாக இருந்தால் பட்டாப் பரப்பை வைத்துத்தான் உறுதி செய்வோம். இதே சோதனையில் அளவு மீட்டரா அடியா என்பதும் தெரிந்துவிடும். இந்த எண்களை அடி என்று எடுத்தால் மனை மூன்று சென்ட் கூட வராது. பழைய படங்களில் லிங்க் அளவும் வரும், 100 லிங்க் 66 அடி. அதனால் படத்தைக் கையில் எடுத்ததும் எந்த அளவு என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெரியப்பா 11:30
அப்போ பணம் எவ்வளவு ஆகும்?

கவிதா 11:42
138 மீட்டர் என்றால் 453 அடி. 120 ரூபாய் வீதம் 54,360. சீட்டில் போட்டிருப்பதை விட 19,680 குறைவு பெரியப்பா. சாலைப் பக்கம் கேட்டுக்கு 12 அடி விடுவதாக இருந்தால் 441 அடிதான், 52,920.

சர்வே மாமா 12:05
அடிக் கணக்கோடு நிற்காமல் தூணையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள், பேசும்போது கையில் இருக்கட்டும். மொத்த அடியைப் பத்தால் வகுக்கக் கூடாது, பக்கம் பக்கமாக எண்ண வேண்டும், ஏனென்றால் மூலையில் தூண் நின்றே ஆகணும். பத்தடிக்கு ஒன்று வைத்தால் தெற்கில் 14 இடைவெளி, கிழக்கில் 10, வடக்கில் 13, மேற்கில் கேட்டையும் சேர்த்து 9. மொத்தம் 46. சுற்றி வந்து சேர்கிற வேலியில் இடைவெளி எத்தனையோ தூணும் அத்தனைதான். அதோடு முட்டுத்தூண். மூலைக்கு இரண்டு, கேட்டின் இருபுறமும் ஒவ்வொன்று, நீளமான இரண்டு பக்கத்தின் நடுவிலும் இரண்டிரண்டு. ஆக 14. எல்லாம் சேர்த்து 60 தூண். முட்டுத்தூணைக் குறைத்தால்தான் விலை குறையும் என்று சொல்வார், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கம்பியை இழுத்துக் கட்டினால் மூலைத்தூண் உள்ளே சாயும், நம்ம களிமண் கோடையில் விரல் நுழைகிற அளவு வெடிக்கிறதே, அந்த வெடிப்பில் தூண் ஆட ஆரம்பித்தால் நிற்காது. ஏழடித் தூணில் இரண்டடி மண்ணுக்குள் போகணும், மூலைத்தூணுக்கும் முட்டுத்தூணுக்கும் ஜல்லிக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள்.

பெரியப்பா 12:20
2018 கஜாவில் தென்னந்தோப்பு வேலி முழுக்கப் படுத்தது ஞாபகம் இருக்கிறது மாப்பிள்ளை. முட்டு இருந்த மூலை மட்டும்தான் நின்றது.

செந்தில் 12:33
கம்பி எவ்வளவு வேண்டும் மாமா? கடையில் கிலோ கணக்கில் விற்கிறார்கள்.

சர்வே மாமா 12:51
ஐந்து வரி இழுத்தால், கேட் போக 134 மீட்டரை ஐந்தால் பெருக்கு, 670. கட்டு, மடிப்பு, துண்டு விழுவதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து 705 வைத்துக்கொள். கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்பது கேஜ், முள் இடைவெளியைப் பொறுத்து மாறும், அதனால் கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் ஒரு மீட்டர் வெட்டச் சொல்லித் தராசில் வை. 110 கிராம் காட்டினால் கிலோவுக்கு ஒன்பது மீட்டர், 78 கிலோ போதும். 130 காட்டினால் 92 கிலோ ஆகும்.

தஞ்சாவூர் சித்தப்பா 13:10
கிழக்கில் பக்கத்துக்காரர் சுவர் இருக்கிறதே அண்ணே, அந்த 30.6 மீட்டருக்கு எதற்கு வேலி? அதை விட்டால் இன்னும் 100 அடி குறையும்.

பெரியப்பா 13:18
சுவர் இருக்கிறது, ஆனால் அது எங்கள் பக்கம் வந்திருக்கிறதோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சர்வே மாமா 13:37
அதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. வேலியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் நாளைக்கு அதுதான் எல்லை என்று பேச்சு வரும். கிழக்குப் பக்கம் இரண்டு மூலையிலும் எல்லைக்கல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும், இல்லையென்றால் நில அளவைக்கு மனு கொடுத்துத்தான் ஆகணும். வாய்க்கால் பக்கமும் அப்படித்தான், கரை புறம்போக்கு, நம் கோட்டுக்கு உள்ளேயே தூண் நிற்கணும். அந்த 41.2 கரையின் மேல்வரை போகிறதா, அடிவரை போகிறதா என்பது எனக்கும் இங்கிருந்து தெரியவில்லை.

செந்தில் 13:45
வேலிக்காரரிடம் நானே பேசவா அப்பா?

பெரியப்பா 13:52
வேண்டாம், நானே பேசுகிறேன். நல்ல மனுஷன், கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்வார். முன்பணம் மட்டும் இப்போது கொடுக்கவில்லை.

சர்வே மாமா 13:58
நாளை காலை 7 மணிக்கு நான் டேப் எடுத்துக்கொண்டு வருகிறேன் அத்தான். 50 மீட்டர் டேப் இருக்கிறது, மேற்கிலிருந்து ஆரம்பிப்போம். குறுக்கே மூலைக்கு மூலை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடலாம், அது 50.0 வந்தால் நாலு மூலையும் சரியான இடத்தில் நாம் நிற்கிறோம் என்று பாதி நம்பிக்கை வந்துவிடும். கிழக்கு மூலைப் புதரை வெட்ட அரிவாள் எடுத்து வைத்திருங்கள்.

பெரியப்பா 14:01
சரி மாப்பிள்ளை. சாப்பாடு இங்கேதான்.