3,000 வெள்ளிச் சம்பளத்துக்கு ஓவர்டைம் உண்டா? நீக்கப்பட்ட ஒரு பதில்

ஜூரோங் சேகர்: நான் மிஷின் ஆபரேட்டர். அடிப்படைச் சம்பளம் 3,000 வெள்ளி. போன மாதம் 20 மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தேன். ஓவர்டைம் கிடைக்காது என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். இப்போது அந்தப் பதிலைக் காணோம். ஏன் எடுத்தீர்கள்?

தேவி: நானும் படித்தேன். ஓவர்டைமுக்கான சம்பள வரம்பு 2,600 வெள்ளி என்று இருந்தது. சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் பக்கத்திலும் அந்த எண் இருக்கிறது. ஏஐ எழுதியது என்பதாலா நீக்கினீர்கள்? ஏஐ எழுதினால் என்ன, மனிதர் எழுதினால் என்ன?

மணி (மட்டுறுத்துநர்): எண் சரிதான், ஆனால் அது அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு. உடலுழைப்பு வேலைக்கு வரம்பு 4,500. மிஷின் ஆபரேட்டர் இதில்தான் வருவார். ஆக 3,000-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 15.73 வெள்ளி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, 23.60. இருபது மணி நேரத்துக்குச் சுமார் 472 வெள்ளி. என்ன வேலை என்று சேகர் சொல்லியும் அந்தப் பதில் அதைத் தொடவே இல்லை. "நிச்சயமாகக் கிடையாது" என்று மட்டும் அடித்துச் சொன்னது.

சுந்தரம்: ஏஐ பதில் எல்லாவற்றையும் தடை செய்யுங்கள். பணிவான தொடக்கம், கடைசியில் ஒரு தொகுப்புரை, பார்த்ததுமே தெரியும்.

ரஃபீக்: அப்படித்தான் வேறொரு தளத்தில் என் பதிலைத் தூக்கினார்கள். நானே உட்கார்ந்து எழுதியது. பிழையில்லாமல் எழுதினால் ஏஐயா? நீங்களும் ஏதோ கருவியில்தானே போட்டுப் பார்க்கிறீர்கள்?

மணி: இல்லை அண்ணா. அந்தக் கருவிகள் மனிதர் எழுதியதையும் ஏஐ என்று சொல்லிவிடும். 2022 டிசம்பரில் நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட்ஜிபிடி பதில்களைத் தடை செய்தது. பிறகு வெறும் சந்தேகத்தில் நீக்கக் கூடாது என்று அந்தத் தளத்தின் நிறுவனம் சொல்ல, 2023 ஜூனில் அங்குள்ள மட்டுறுத்துநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நான் எழுத்து நடையைப் பார்ப்பதில்லை. பதிலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அமைச்சின் பக்கத்தைத் திறந்து, அது யாருக்கானது என்று படிக்கிறேன். அப்புறம் கேள்வியைத் திரும்பப் படித்து, பதில் எதைத் தொடாமல் விட்டது என்று பார்க்கிறேன். இந்த நபர் கால் மணி நேரத்தில் ஆறு நீளமான பதில் போட்டிருந்தார். அது சோதிக்கக் காரணம்தான், நீக்கக் காரணம் இல்லை.

தேவி: சரி, ஆனால் ஷிஃப்ட் வேலையா என்று நீங்களும் கேட்கவில்லையே? 472 என்று உறுதியாகப் போட்டுவிட்டீர்கள்.

ஜூரோங் சேகர்: ஷிஃப்ட்தான் அக்கா, 12 மணி நேரம்.

மணி: தேவி சொன்னது சரி, அதைக் கேட்காமல் விட்டது என் தவறு. ஷிஃப்டில் ஒப்புக்கொண்டிருந்தால் 44 மணி நேரத்தைத் தொடர்ந்து வரும் மூன்று வாரங்களின் சராசரியாகப் பார்ப்பார்கள். அப்போது அந்த 20 மணி நேரம் முழுவதும் ஓவர்டைம் ஆகாமல் போகலாம். 472 என்பதை அழிக்கிறேன். சேகர், ஒப்பந்தத்தில் ஷிஃப்ட் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். போன மாத வேலை அட்டவணையையும் வாரவாரியாக இங்கே போடுங்கள்.

சுந்தரம்: அப்படியானால் அந்தப் பதிலைத் திருத்தியே வைத்திருக்கலாமே?

மணி: எழுதியவரிடம் கேட்டேன், மூன்று நாளாகப் பதில் இல்லை.