அப்பா போனில் AnyDesk போட வைத்துவிட்டார்கள், அழித்தால் போதுமா?

பொங்கோல் மகள்: அவசரம். அப்பா விமான டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்க கூகுளில் நம்பர் தேடி அழைத்திருக்கிறார். பேசியவர் ஆப் ஒன்றைப் போடச் சொல்லித் திரையைப் பார்த்திருக்கிறார். பணம் போகவில்லை. ஆப்பை அழித்தால் போதுமா?

உட்லண்ட்ஸ் கண்ணன்: ஆண்ட்ராய்டா, ஐபோனா? வங்கி ஆப்பைத் திறந்தாரா? அழைப்பு இன்னும் ஓடுகிறதா?

ஜூரோங் செல்வி: எனக்கும் பார்சல் என்று குறுஞ்செய்தி வந்தது. லிங்க்கைத் தொடாதீர்கள்.

தெம்பனிஸ் ரவி: அழித்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். வேலை முடிந்தது.

பழைய உறுப்பினர்: எத்தனை முறை எழுதுவது? தேடலில் முதலில் நிற்பது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். மேலே "Sponsored" என்று இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டாமா?

ஜூரோங் செல்வி: அறுபது வயதுக்காரர் அந்தச் சின்ன எழுத்தை எங்கே பார்ப்பார்? விளம்பரத்தை ஏற்றுக்கொண்டவர்களைக் கேளுங்கள்.

பழைய உறுப்பினர்: விளம்பரம் மட்டுமா? மேப்பில் யார் வேண்டுமானாலும் எண்ணை மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொங்கோல் மகள்: ஆண்ட்ராய்டு. அழைப்பு முடிந்துவிட்டது. ஆப்பில் வந்த 9 இலக்க எண்ணை வாசித்துக் காட்டியிருக்கிறார். "சரிபார்க்க" 1 வெள்ளி அனுப்பச் சொன்னார்களாம், வங்கி ஆப்பையும் திறந்தாராம். ஒரு OTP வந்ததாம்.

உட்லண்ட்ஸ் கண்ணன்: இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்து, வரும் கேள்விக்குச் சம்மதமும் சொன்னால் திரை அவர்கள் கையில். வங்கி ஆப் பல நேரம் அவர்களுக்குக் கறுப்பாகவே தெரியும். ஆனால் மேலே குதிக்கும் OTP-யும், படிவத்தில் அடிக்கும் அட்டை எண்ணும் பளிச்சென்று தெரியும். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அனுமதியும் கொடுத்திருந்தால் அவர்களே திரையைத் தொட்டு இயக்கலாம்.

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வேறொரு போனிலிருந்து அட்டையின் பின்பக்க எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். புதிய பெறுநர் சேர்ந்தாரா, பணம் அனுப்பும் வரம்பு உயர்ந்ததா, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் டிஜிட்டல் டோக்கன் வேறு போனில் கேட்கப்பட்டதா என்று மூன்றையும் கேளுங்கள். புதிய டோக்கன் உடனே இயங்காது, குறைந்தது 12 மணி நேரம் தாமதம் உண்டு. அட்டைக்கு அந்தத் தாமதம் இல்லை. அப்புறம் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண் 1799-ஐ அழையுங்கள்.

தெம்பனிஸ் ரவி: ரீசெட் வேண்டாமா?

உட்லண்ட்ஸ் கண்ணன்: இப்போது வேண்டாம். அழைப்புப் பதிவும் உரையாடலும் போய்விடும், போலீஸ் புகாருக்கு அவை தேவை. மோசடிக்காரர்கள் புதிய பெறுநர் பெயரைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தால், போனைத் துடைத்தாலும் அது வங்கியில் அப்படியே இருக்கும்.

தெம்பனிஸ் ரவி: வேறு APK எதையாவது ஏற்றியிருந்தால்? படம் எடுத்துக்கொண்டு உடனே துடைப்பதே நல்லது.

பொங்கோல் மகள்: வங்கியில் பேசினேன். புதிய பெறுநர் ஒருவர் சேர்ந்திருக்கிறார், வரம்பும் உயர்த்தப்பட்டிருக்கிறது. முடக்கிவிட்டார்கள். அப்பா அழைத்த எண் 3-இல் தொடங்குகிறது. புகார் கொடுக்கப் போகிறோம்.

உட்லண்ட்ஸ் கண்ணன்: 3 என்றால் இணையத் தொலைபேசி எண். அதையும் புகாரில் எழுதுங்கள். அரசு சேவைகளுக்கான Singpass கடவுச்சொல்லை வேறு போனில் மாற்றினீர்களா?