கார்-டி சிகிச்சைக்குப் பின் மாறிய கையெழுத்து: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பி-செல் லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் மீண்டும் தலைதூக்கிய என் தம்பிக்கு, அவனுடைய நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களையே பிரித்தெடுத்து, புற்றுச்செல்களின் மேலுள்ள சிடி19 புரதத்தை இனங்காணும் ஏற்பி அவற்றில் உருவாகும்படி மரபணுவை மாற்றி, 9 நாள்களுக்கு முன் திரும்பச் செலுத்தினார்கள்.

அச்செல்கள் இலக்கைத் தாக்கிப் பெருகும்போது வெளிப்படும், அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களால் 3ஆம் நாள் கடும் காய்ச்சலும் இரத்த அழுத்தக் குறைவும் ஏற்பட்டன. அப்புரதங்களில் ஒன்றான இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்த மறுநாளே இரண்டும் தணிந்தன.

ஆனால் 6ஆம் நாள், செவிலியர் தினமும் எழுதச் சொல்லும் ஒரு வாக்கியம் (அதை வெறும் சடங்கு என்றே நான் எண்ணியிருந்தேன்) கோணல்மாணலாகி, பாதியில் நின்றது. பேனாவைக் காட்டிக் கேட்டபோது அதன் பெயரும் அவன் நினைவுக்கு வரவில்லை. இது நரம்பு மண்டலப் பாதிப்பு என்றும், டோசிலிசுமாப் மூளைக்குள் அதிகம் செல்லாததால் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைத் தொடங்குவதாகவும் மருத்துவர் விளக்கினார். வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தருகிறார்கள். நேற்று வாக்கியத்தை முடித்துவிட்டான், எனினும் பேச்சு இன்னும் தடுமாறுகிறது.

இந்நிலையைக் கடந்தவர்களோ அவர்களைப் பராமரித்தவர்களோ இருந்தால், பேச்சு முழுமையாகத் திரும்ப எத்தனை நாள்களாயின, ஸ்டீராய்டைக் குறைத்தபோது அறிகுறிகள் மீண்டும் வந்தனவா, வீடு திரும்பியபின் எந்த மாற்றத்தைக் கண்டதும் மருத்துவமனைக்கு விரைந்தீர்கள் என்பவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன். மருந்தின் அளவு குறித்து மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.