‘சப்ளை லைன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நித்யா:
வணக்கம். பியர் விநியோக விளையாட்டின் வகுப்பறைக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சில்லறைக் கடைக்காரர், மொத்த வணிகர், விநியோகஸ்தர், ஆலை என்று நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து, வாராவாரம் தனக்கு மேலே உள்ளவரிடம் ஆர்டர் போடும் விளையாட்டு. பேசக் கூடாது, சீட்டு மட்டும்தான் நகரும். கையிருப்பு, கேட்டவருக்கு இன்னும் கொடுக்காத நிலுவை, இரண்டுக்கும் சிக்கல் இல்லை. ‘சப்ளை லைன்’ என்பதில்தான் நிற்கிறேன். நான் கேட்டு, இன்னும் என் கைக்கு வராத சரக்கு மொத்தமும் அது. ‘வழிச்சரக்கு’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

ராமநாதன்:
கல்லூரி வகுப்பில் பியரா? பெற்றோர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நித்யா:
எல்லாம் காகிதத்தில்தான் ஐயா. பழச்சாறு என்று பெயர் மாற்றி ஆடினாலும் கணக்கு அதேதான்.

பாஸ்கரன்:
நான் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரு மாத்திரை ஷார்ட் என்று பேச்சு கிளம்பினால் போதும், 10 அட்டை வேண்டிய கடைக்காரர் 30 கேட்பார். எப்படியும் பிரித்துத்தான் கொடுப்பார்கள், கூடுதலாகக் கேட்டால்தான் வேண்டியதாவது கிடைக்கும் என்ற கணக்கு. ஸ்டாக் வந்ததும் பாதியைத் திருப்பி அனுப்புவார். இந்த விளையாட்டு சொல்வதும் இதைத்தானே? நாங்கள் அதை ‘பெண்டிங் ஆர்டர்’ என்போம்.

மலர்விழி:
பாஸ்கரன் சார் சொல்வது நிஜமான பிரச்சினைதான், ஆனால் இந்த விளையாட்டில் அதற்கு வழியே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாடிக்கையாளர். அதனால் பங்கு பிரிப்பதும் கிடையாது, போட்ட ஆர்டரை ரத்து செய்யவும் முடியாது, சரக்கைத் திருப்பி அனுப்பவும் முடியாது. அத்தனையையும் அடைத்துவிட்ட பிறகும் ஆர்டர் எகிறுகிறது. அதனால்தான் 1960-கள் முதல் எம்.ஐ.டி.யில் இதை விடாமல் ஆடவைக்கிறார்கள்.

எகிறுவது எங்கே என்று பார்த்தால் நித்யாவின் சொல்லுக்கும் விடை கிடைக்கும். தொடக்கத்தில் எல்லோரிடமும் 12 பெட்டி இருக்கும். வாடிக்கையாளர் வாரம் 4 கேட்பார். ஐந்தாவது வாரம் அது 8 ஆகும், அப்புறம் கடைசி வரை 8-தான். ஆர்டர் போட்டால் சரக்கு வரக் குறைந்தது நான்கு வாரம். மேலே உள்ளவரிடம் சரக்கு எப்போதும் உண்டு என்றே வைத்துக்கொண்டு, சில்லறைக் கடைக்காரரை மட்டும் பார்ப்போம்.

ஐந்தாம் வாரம் 4 வருகிறது, 8 போகிறது; கையில் மிச்சம் 8. ‘12 இருக்க வேண்டும், 4 குறைகிறது, விற்பது 8’ என்று 12-க்கு ஆர்டர் போடுகிறார். அடுத்த வாரம் கையில் 4, ஆர்டர் 16. ஏழாம் வாரம் கையில் ஒன்றுமில்லை, ஆர்டர் 20. எட்டாம் வாரம் வாடிக்கையாளருக்கே 4 பாக்கி வைக்கிறார், பயந்துபோய் 24. ஒவ்வொரு வாரமும் அதே பள்ளத்தைப் புதிதாகப் பார்த்தது போல மறுபடி மறுபடி நிரப்புகிறார். ஒன்பதாம் வாரம் முதல் எல்லாம் வந்து இறங்கும். பதினொன்றாம் வாரத்திலிருந்து அவர் எதுவும் கேட்கவே இல்லை. ஆனாலும் பதினான்காம் வாரம் கையில் 52 பெட்டி. இவர் பூஜ்யம் என்று எழுதிய சீட்டைப் பார்த்து மொத்த வணிகர் ஊரில் பியரே விற்கவில்லை என்று முடிவு செய்கிறார்.

வரவேண்டியதையும் சேர்த்து எண்ணுபவர் என்ன செய்வார்? வாரம் 8 என்றால் கையில் 12, நான்கு வாரத்துக்கு வரவேண்டியது 32, ஆக 44. ஐந்தாம் வாரம் அவரிடம் கையில் 8, வரவேண்டியது 12. ஆகவே ஒரே ஒரு முறை 24 கேட்டுவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து 8-க்குத் திரும்பிவிடுவார். ஒன்பதாம் வாரம் கையில் சரியாக 12. இவரும் ஒரு தடவை எகிறித்தான் ஆக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு எகிறல் காலதாமதத்தால் வருவது, ஆடுபவரின் குற்றமில்லை.

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் ஆட்டப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, ஆடியவர்கள் வரவேண்டியதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கைத்தான் மனதில் கொண்டிருந்தார்கள். கையில் கிடக்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர், பாக்கி வைத்த பெட்டிக்கு ஒரு டாலர். 36 வாரத்தில் ஒரு குழுவின் செலவு சராசரியாக 2,000 டாலரைத் தாண்டியது. சுமார் 200-இல் முடித்திருக்கலாம்.

கார்த்திக்:
இதெல்லாம் தகவலை மூடிவைப்பதால் வருவதுதானே? கடையில் பில் போடும்போதே அந்த எண்ணிக்கை நாலு பேர் திரையிலும் தெரிந்தால் பிரச்சினை தீர்ந்தது. எங்கள் மென்பொருளில் அதைத்தான் செய்கிறோம்.

மலர்விழி:
குறையும், தீராது. ஆட்டம் முடிந்ததும் மேல்நிலையில் இருந்தவர்களிடம் ‘வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார், வரைந்து காட்டுங்கள்’ என்று சொல்வேன். ஏறி இறங்கும் அலையாக வரைவார்கள். 4-இலிருந்து 8-க்கு ஒரே ஒரு படி என்று காட்டினால் ஆலைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதுவரை வாடிக்கையாளரைத் திட்டிக்கொண்டிருப்பார். அந்த அளவுக்குக் கார்த்திக் சொல்வது சரி.

ஆனால் குரோசன், டோனஹூ என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், வாடிக்கையாளர் தேவை எந்த வரம்புக்குள் எப்படி மாறும் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அப்போதும் எகிறியது. அவர்களோடு கேட்டாக், ஸ்டெர்மன் ஆகியோரும் சேர்ந்து 2014-இல் வெளியிட்டதில், தேவை மாறவே மாறாது என்று எல்லோருக்கும் தெரியும். அதிலும் ஆர்டர் ஏறி இறங்கியது. ‘எனக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவர் ஒழுங்காக ஆடுவாரா?’ என்ற சந்தேகம் போதும். ஓரளவு கைகொடுத்தது ஒவ்வொருவரின் கையிருப்பையும் மற்றவர்களுக்குக் காட்டியது. அதிலும் ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் அதிகப் பயன்.

கார்த்திக்:
அப்படியானால் திரையில் கையிருப்பையும் சேர்த்துவிட்டால் போச்சு.

மலர்விழி:
திரையில் இருப்பது வேறு, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது வேறு. தன் வரவேண்டியது தன் சீட்டிலேயே இருக்கிறது, அதையே பார்ப்பதில்லையே.

இளவழகன்:
சொல்லுக்கு வருவோம். ‘வரவிருப்பு’ என்று முன்மொழிகிறேன். கையிருப்புக்கு இணையாக நிற்கும், ‘வரவிருக்கும்’ என்பதையும் நினைவூட்டும்.

பாஸ்கரன்:
ஐயா, கணக்கு எழுதுபவனுக்கு வரவு என்றால் வந்து சேர்ந்தது. வராததை வரவில் எழுதினால் எங்கள் கணக்குப்பிள்ளை சண்டைக்கு வருவார்.

நித்யா:
என் ‘வழிச்சரக்கு’ம் போதாது என்று இப்போது படுகிறது. மேலே உள்ளவரிடம் சரக்கே இல்லாதபோது நான் கேட்டதில் பெரும்பகுதி வழியில் இருக்காது, அவருடைய நிலுவையில் சீட்டாகக் கிடக்கும். நெருக்கடி வாரங்களில் எண்ண வேண்டியதே அதுதான். அவர் எனக்குத் தரவேண்டிய நிலுவை எனக்கு வரவேண்டியதில் ஒரு பகுதி. அப்படியானால் ‘தருநிலுவை’, ‘வருநிலுவை’ என்று ஜோடியாக வைக்கலாமா?

இளவழகன்:
வினைத்தொகையாக நன்றாகவே அமைகிறது. ஆனால் நிலுவை என்றால் தவணை தப்பியது என்ற வாடை உண்டு. லாரியில் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும் பெட்டி எப்படி நிலுவையாகும்? எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

பாஸ்கரன்:
‘வரவேண்டியது’ என்றே விட்டால் என்ன? மலர்விழி மேடம் இத்தனை நேரமும் அப்படித்தானே எழுதினார், எனக்குப் புரிந்ததே.

மலர்விழி:
பேச்சுக்கு அது போதும், பத்தித் தலைப்புக்கு வருநிலுவை வசதி. என் கவலை வேறு. வாராவாரம் நிரப்பும் தாளில் கையிருப்பு, நிலுவை, போட்ட ஆர்டர் என்று மட்டும்தான் எழுதச் சொல்கிறோம். வருநிலுவைக்கு ஒரு பத்தி அச்சிட்டுவிட்டால் மாணவர்கள் அதை நிரப்புவார்கள், நிரப்பினால் பார்ப்பார்கள், அப்புறம் ஆட்டமே வேறு மாதிரிப் போகும். நித்யா, எந்தச் சொல்லை எடுத்தாலும் அந்தத் தாளில் போடாதீர்கள். ஆட்டம் முடிந்து வரைபடம் போடும் பக்கத்தில் முதல்முறையாக வரட்டும்.

நித்யா:
சரி. தாளில் மூன்று பத்திதான். விளக்கப் பக்கத்தில் இப்போதைக்கு ‘வருநிலுவை’ என்று வைத்து, பக்கத்தில் ‘வரவேண்டிய சரக்கு’ என்றும் எழுதுகிறேன். இளவழகன் ஐயா வேறு சொல் தந்தால் அச்சுக்கு முன் மாற்றிவிடலாம்.