கலைச்சொல் தேவை: காசு வாங்கிக்கொண்டு எழுதிய மதிப்புரை

மணிமேகலை:
வணக்கம். இணையத்தில் பொருள்களை ஒப்பிட்டு வாங்குவது பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். விற்பவர் காசு கொடுத்து எழுதவைப்பதைப் 'போலி மதிப்புரை' என்று குறித்திருக்கிறேன். சரிதானா?

இளங்கோ:
சரிதான். கண்டுபிடிப்பதும் எளிது. 'சரிபார்க்கப்பட்ட கொள்முதல்' முத்திரை இல்லாதவற்றை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

வேலு:
முத்திரையை அவ்வளவு நம்பாதீர்கள் தம்பி. விற்பவர் ஏதாவது ஒரு குழுவில் ஆள் பிடிக்கிறார். அந்த ஆள் முழு விலைக்கு வாங்கி, ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். பணம் கடைக்கு வெளியே அவருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. கடைக்குத் தெரிந்தவரை அது நிஜ விற்பனை, எனவே முத்திரை உண்டு. பொருளும் அவர் கையில் இருக்கிறது. போலி என்றால் வாங்காமலே எழுதுவது. இதற்குத் தனிச்சொல் வேண்டும்: 'கைம்மாறு மதிப்புரை'.

ஷாஹினா:
எனக்கு ஒரு சந்தேகம். நான் வாங்கிய விளக்குப் பெட்டியில் ஒரு அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டால் பாதிப் பணம் திரும்பும் என்றது. விளக்கு நன்றாகவே இருந்தது, போட்டேன். என்னுடையதும் இதில் சேருமா?

வேலு:
சேரும் அம்மா. நீங்கள் எழுதியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விளக்குப் பிடிக்காதவருக்கு அந்தப் பாதிப் பணம் கிடையாது, அவர் பேசாமல் போய்விடுவார். சராசரி அங்கேதான் கெடுகிறது.

மணிமேகலை, கையேட்டுக்கு ஓர் உதாரணம். இரண்டு ஹெட்போன்கள்: ஒன்றுக்கு 4.7, மற்றதற்கு 4.2. மதிப்புரைகளைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஐந்து நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஒரே வாரத்தில் வந்தவை. எல்லாம் பெட்டியைப் பிரித்த அன்றைய பேச்சு: அழகான பெட்டி, நல்ல ஒலி. ஒற்றை நட்சத்திரங்கள் மட்டும் மாதக்கணக்கில் சிதறி வந்து, சார்ஜ் நிற்கவில்லை என்ற ஒரே குறையைச் சொல்கின்றன. இரண்டாவதில் மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்கள் காது வலி, மெத்தை கிழிந்தது என்று பயன்படுத்திய பிறகு எழுதியிருக்கிறார்கள். நான் 4.2-ஐ வாங்குவேன். பிறகு, அந்த ஐந்து நட்சத்திரக்காரர்களின் பக்கங்களைத் திறங்கள். ஒரே மாதத்தில் மூன்று ஹெட்போன் வாங்கி மூன்றுக்கும் முழு மதிப்பெண் தந்தவர் யாராக இருப்பார்?

இளங்கோ:
தள்ளுபடி விற்பனை நடந்தாலும் ஒரே வாரத்தில் குவியுமே?

வேலு:
குவியும். ஆனால் அப்போது குறை சொல்பவர்களும் கூடவே குவிவார்கள். தேதியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அது உண்மைதான்.

மணிமேகலை:
சொல்லுக்கு வருவோம். 'கைம்மாறு' என்றதும் எனக்குக் கைமாத்துக் கடன்தான் நினைவுக்கு வருகிறது.

இளங்கோ:
'கூலி மதிப்புரை'?

மணிமேகலை:
கூலி உழைத்து வாங்குவது. அதை இதில் இழுக்க வேண்டாம். 'பணமீட்பு மதிப்புரை' பரவாயில்லை, ஆனால் பொருளையே இலவசமாகக் கொடுத்து, அதை மதிப்புரையில் வெளிப்படையாகச் சொல்லவும் வைப்பது இதில் அடங்காது.

இளங்கோ:
அதை 'மாதிரி மதிப்புரை' எனலாமே.

வேலு:
எப்படி எழுதுவது என்று காட்டும் மாதிரி என்றல்லவா படிப்பார்கள்! அதைத் தனி இழையில் பேசுவோம். இதற்கு என் வாக்கு இன்னும் கைம்மாறுக்குத்தான்.