சொட்டு உருண்டும் முட்டை ஒட்டுகிறதே!

ஏற்காட்டில் வசிக்கிறோம். அடி கனத்த எவர்சில்வர் வாணலி வாங்கி ஒரு வாரமாகிறது. எண்ணெய் விடுமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறேன். முதலில் சுர்ரென்று பரவி வற்றுகிறது. இன்னும் சூடேறியதும், அடியில் உண்டாகும் ஆவி தாங்கிக்கொள்ள, பாதரசம்போல் உருண்டோடுகிறது. சரி, தயார் என்று நல்லெண்ணெய் விட்டால் உடனே புகைகிறது.

இன்று ஓரத்திலும் ஒரு சொட்டு விட்டேன். நடுவில் உருண்டது, ஓரத்தில் சுர்ரென்றது! முட்டையும் சரியாக அந்த ஓரத்தில்தான் ஒட்டியது. பெரிய தீயில் வைத்ததுதான் தவறா? சிறு தீயில் எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்? சொட்டு உருண்டபின் தீயைக் குறைத்து ஆறவிடுவதுண்டா?

இன்னொன்று: மலையில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்திலிருக்கும் அக்கா சொன்ன இந்தச் சொட்டுக் கணக்கு இங்கே செல்லுமா?